எண்ணெய் ஏறினா தங்கம் ஏறும்னு சொன்னாங்க. இறங்கின தங்கத்தை யார் விழுங்கினது?

"கச்சா எண்ணெய் விலை எகிறுது, அடுத்து தங்கம்தான், இன்னைக்கே வாங்கிப் போடுங்க!" எங்கேயாவது போர்னு செய்தி வந்த மறுநிமிஷமே இந்த ஃபார்வேர்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துடும். அனுப்புறவங்க நல்ல எண்ணத்துலதான் அனுப்புறாங்க. ஆனா அது பாதிக் கதை. மீதிப் பாதியை 2022 கணக்கை வெச்சே பார்ப்போம், வாங்க.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. அதுவரை 100 டாலருக்குக் கீழே இருந்த ஒரு பீப்பாய் பிரென்ட் கச்சா எண்ணெய், மார்ச் 7 அன்று ஒரு கட்டத்தில் 139 டாலரைத் தொட்டது. மறுநாளே தங்கம் ஒரு அவுன்ஸ் 2,070 டாலர் வரை போனது. ஃபார்வேர்டு சொன்னது அப்படியே நடந்தது!

ஏன் நடந்தது? டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், உரம் ஏறும், கடைசியில் காய்கறி வரைக்கும் ஏறும். கையில் இருக்கிற பணத்தின் மதிப்பு கரையப்போகுது என்ற பயம் உலகம் முழுக்கப் பரவும். பணம் வெச்சிருக்கிறவன் கரையாத ஒன்றைத் தேடுவான். அதுதான் தங்கம். போர் பயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதுவரை சரி. ஃபார்வேர்டு இங்கேயே நின்னுடுது. சந்தை நிக்கல.

அதே விலைவாசி பயம் அமெரிக்க மத்திய வங்கிக்கும் உண்டு. 2022 ஜூனில் அமெரிக்காவில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டது. எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம். மத்திய வங்கியிடம் இருக்கும் மருந்து வட்டி. மார்ச் தொடக்கத்தில் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த வட்டியை, செப்டம்பருக்குள் 3 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள்.

இங்கேதான் கதை திரும்புது. தங்கம் வட்டி தராது. லாக்கரில் பத்து வருஷம் கிடந்தாலும் ஒரு குந்துமணி கூடுதலாக முளைக்காது. அமெரிக்க அரசுப் பத்திரம் நல்ல வட்டி தர ஆரம்பிச்சதும், உலகப் பணம் தங்கத்தை விட்டு டாலரை நோக்கி ஓடியது. முக்கியமான ஆறு நாணயங்களுக்கு எதிராக டாலரின் பலத்தைக் காட்டும் டாலர் குறியீடு, செப்டம்பர் கடைசியில் 114-ஐத் தாண்டியது. இருபது வருஷத்தில் இல்லாத உச்சம். தங்கத்துக்கு உலகச் சந்தையில் டாலரில்தான் விலை. டாலர் கனத்தால் மற்ற நாட்டுக்காரனுக்குத் தங்கம் எட்டாக்கனி. வாங்க ஆள் குறைஞ்சது, விலை விழுந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு அவுன்ஸ் சுமார் 1,630 டாலர்.

மார்ச்சில் 2,050 டாலரில் முடிந்த தங்கம், ஆறே மாதத்தில் 20 சதவீதம் இறங்கிவிட்டது. அதாவது எண்ணெய் கிளப்பிய பயம் முதலில் தங்கத்தைத் தூக்கும். அந்தப் பயத்தை அடக்க வரும் வட்டியும் டாலரும் பிறகு அதைக் கீழே அமுக்கும்.

சரி, இப்போ உங்க கேள்வி புரியுது. "20 சதவீதம் இறங்குச்சா? எங்க ஊர் நகைக்கடையில அப்படி ஒண்ணும் இறங்கலையே?"

அதுதான் விஷயமே. கணக்குப் போடுவோம்.

எட்டு கிராம் சுத்தத் தங்கம், அதாவது 24 கேரட். ஜி.எஸ்.டி., செய்கூலி, சேதாரம் எல்லாம் தனி.

👉 மார்ச் 8: எட்டு கிராம் சுமார் 527 டாலர். டாலர் 77 ரூபாய். இறக்குமதி வரி 10.75 சதவீதம். மொத்தம் கிட்டத்தட்ட 44,900 ரூபாய்.

👉 செப்டம்பர் கடைசி: எட்டு கிராம் சுமார் 419 டாலர். டாலர் 82 ரூபாய். இறக்குமதி வரி 15 சதவீதம். மொத்தம் கிட்டத்தட்ட 39,500 ரூபாய்.

👉 ரூபாயும் வரியும் மார்ச்சில் இருந்தபடியே இருந்திருந்தால்: கிட்டத்தட்ட 35,700 ரூபாய்.

வித்தியாசம் 3,800 ரூபாய். இறங்கவேண்டியது 9,200, உங்க கைக்கு வந்தது 5,400 மட்டும். மீதியில் சுமார் 2,300 ரூபாய் சரிந்த ரூபாயால் போச்சு. சுமார் 1,500 ரூபாய் வரி உயர்வால் போச்சு.

ரூபாய் ஏன் சரிந்தது? மறுபடியும் அதே எண்ணெய்தான். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருது. விலை ஏறினால் அதே அளவு எண்ணெய்க்கு அதிக டாலர் வேணும். ஏற்கெனவே பலமான டாலரை நாமும் போட்டி போட்டு வாங்கணும். ஆக, எண்ணெய் உலகத் தங்கத்தை ஒரு வழியில் அடிக்குது, நம்ம ரூபாயை இன்னொரு வழியில் அடிக்குது. ரூபாய் விழவில்லை, டாலர்தான் பலமாகுது என்று ஒன்றிய நிதியமைச்சர் அப்போது வாஷிங்டனில் சொன்னார். டாலர் பலமானது உண்மை. அந்த 2,300 ரூபாயை முழுக்க ஒன்றிய அரசின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. நாங்க கட்டவும் இல்லை.

ஆனா அந்த 1,500 ரூபாய்? அது உலகச் சந்தை எடுத்த முடிவா? இல்லை. 2022-ல் வரியை 10.75-லிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது ஒன்றிய அரசு. எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் சேர்த்து டாலர் வெளியே போகுது, தங்க இறக்குமதியைக் குறைக்கணும் என்பது அவர்கள் வாதம். நெருக்கடி நேரத்தில் அந்த வாதத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது என்றே வெச்சுக்குவோம்.

அப்போ நெருக்கடி தீர்ந்ததும் வரி இறங்கியிருக்கணுமே? அந்த டிசம்பரிலேயே பிரென்ட் 80 டாலருக்கு அருகில் வந்துவிட்டது. வரி இறங்கியதோ 2024 ஜூலை பட்ஜெட்டில், 6 சதவீதமாக. எண்ணெய் அடங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல், எண்ணெய் நெருக்கடிக்காகப் போட்ட வரியைத் தாலிக்குத் தங்கம் வாங்கினவங்க கட்டிக்கிட்டே இருந்தாங்க. நெருக்கடிக்குப் போடும் வரிக்கு முடியும் தேதியும் சேர்த்தே அறிவிக்கணும். இதுதான் எங்க கேள்வி, இதுதான் கோரிக்கை.

அடுத்த முறை அந்த ஃபார்வேர்டு வந்தால், எண்ணெய் விலையோடு நிறுத்தாதீங்க. டாலர் குறியீடு ஏறுதா, விலைவாசியைக் கழித்தபின் அமெரிக்கப் பத்து வருஷப் பத்திரம் எவ்வளவு வட்டி தருது என்று பாருங்க. 2022 மார்ச்சில் அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது, செப்டம்பரில் ஒன்றரை சதவீதம். இரண்டும் சேர்ந்து ஏறினால் தங்கத்துக்கு எதிர்க்காற்று. இதுவும் கல்வெட்டு இல்லை. 2022 முதல் 2024 வரை நாடுகளின் மத்திய வங்கிகளே வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அதனால் பிறகு வட்டி உச்சத்தில் இருந்தபோதும் தங்கம் ஏறியது.

ஆனா ஒண்ணு நிச்சயம். பயத்தில் மார்ச்சில் 5 பவுன் சுத்தத் தங்கம் வாங்கி, பணமுடையில் செப்டம்பரில் விற்ற குடும்பத்துக்கு நஷ்டம் 27,000 ரூபாய். காத்திருக்க முடிந்தவன் மீண்டான். முடியாதவன் இழந்தான்.

அந்த குரூப்பிலேயே இதையும் பகிருங்க.

#தங்கவரிக்கு_முடிவுதேதி_எப்போ