ஆன்மா இல்லை என்றால் ஆள் இல்லை என்றா அர்த்தம்?

"நீயும் இல்லை, நானும் இல்லை என்றுதானே உங்கள் புத்தர் சொன்னார்? பிறகு அடித்தவன் யார், அடிபட்டவன் யார்?" மதுரையில் இப்படி மடக்குவோரை நாம் கேட்டுச் சலித்துவிட்டோம்.

புத்தர் ஆளை மறுக்கவில்லை. ஆளுக்குள் மாறாமல் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஒருவரைத்தான் மறுத்தார். மதுரைக் கூலவாணிகர் என்று மரபு சொல்லும் சாத்தனாரின் மணிமேகலை, உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என ஐந்து கந்தங்களைச் சொல்கிறது. மனிதர் என்பது இந்த ஐந்தின் ஓட்டம். அதில் வலி உண்டு, செயல் உண்டு, தொடர்ச்சி உண்டு.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு? மிலிந்தனின் கேள்விகளில் நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைக் கொண்டுவருகிறார். "இவர் நட்டது விதை. நான் பறித்தது வேறு மாங்காய். அதனால் நான் திருடவில்லை" என்கிறான் அவன். நத்தம் பக்கத்துத் தோப்புக்காரர் இதை ஒத்துக்கொள்வாரா? விதையும் காயும் ஒன்றல்ல. ஆனால் அந்த விதையிலிருந்துதான் இந்தக் காய் வந்தது. அதனால் திருடன் குற்றவாளியே. நேற்று ஊரை எரித்தவரும் இன்று சாட்சிக் கூண்டில் நிற்பவரும் அப்படித்தான்.

உண்மையில் அனாத்மம் இடிப்பது வேறொன்றை. போன பிறவிப் பாவத்தை அப்படியே சுமந்து வந்து சேரியில் பிறக்கும் ஆன்மா ஒன்று வேண்டும், சாதியை நியாயப்படுத்துவோருக்கு. 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் இந்த முடிச்சைத்தான் பிடித்தார்: ஆன்மா இல்லையென்றால் கர்மமும் மறுபிறவியும் எப்படி? ஆன்மா கூடுவிட்டுக் கூடு பாய்வதை அவர் ஏற்கவில்லை. பிறப்பைக் காட்டி நம்மைக் குற்றவாளியாக்கும் கணக்கு அங்கேயே முறிகிறது.