சூத்திரம் விற்போர்

அண்மையில் உறவுக்காரப் பிள்ளையொருத்தி ஒரு கற்றைத் தாளை என் மேசைமீது வைத்தாள். கேம்பிரிட்ஜ் 'பி2 ஃபர்ஸ்ட்' பரீட்சைக்கு ஆயத்தமாகிறவள். "பெரியப்பா, இவ்வளவையும் பாடமாக்கினால் போதுமாம். சரியோ?" என்றாள். அவள் பணங்கட்டிப் படிக்கும் ரியூட்டரி கொடுத்த தாள்கள் அவை. வாக்கிய மாற்றச் சூத்திரங்கள் அறுபது. இடைவெளி நிரப்பும் சொற்கள் இருநூறு. படித்துப் பார்த்தேன். கோபமே மிஞ்சியது.

வாசிப்புக்கும் மொழிப் பயன்பாட்டுக்குமான அந்த வினாத்தாளுக்கு 75 நிமிடம். அதில் மொழிப் பயன்பாட்டுக்கெனக் கணக்கிடப்படும் புள்ளிகள் 28. அவற்றுள் 20 இவ்விரு பகுதிகளிலிருந்தே வருகின்றன: தெரிவுகள் தராமல் எட்டு இடைவெளிகளை ஒவ்வொரு சொல்லால் நிரப்புவது ஒன்று, கொடுத்த சொல்லை மாற்றாமல், இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள், ஆறு வாக்கியங்களைப் பொருள் கெடாது திருப்பி எழுதுவது மற்றொன்று. வியாபாரிகள் இங்கே கடை விரித்ததில் வியப்பில்லை.

சரக்கின் தரத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். "த எடிட்டர் லாஸ்ட் ரோட் டு மீ த்ரீ இயர்ஸ் அகோ." ஆசிரியர் எனக்குக் கடைசியாக எழுதியது மூன்று ஆண்டுகளுக்கு முன். கொடுத்த சொல் 'ரிட்டன்' ஆகவும், புதிய வாக்கியம் "த எடிட்டர் ... ஃபோர் த்ரீ இயர்ஸ்" எனவும் இருந்தால், "ஹாஸ் நாட் ரிட்டன் டு மீ" என்பது விடை. ஐந்து சொற்கள். சூத்திரத் தாளும் இதையே சொல்கிறது: 'அகோ' வந்தால் எதிர்மறை போடு.

இனி, கொடுத்த சொல்லை 'சின்ஸ்' என்று மாற்றுவோம். புதிய வாக்கியம் "இட் ... த எடிட்டர் ரோட் டு மீ". எங்கள் பிள்ளை தயங்காமல் எழுதினாள்: "ஹாஸ் நாட் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ்." ஆறு சொற்கள், எல்லை தாண்டியாயிற்று. சுருக்கி "ஹாஸன்ட்" என்று எழுதினாலும் தப்ப முடியாது. அது இரண்டு சொல்லாகவே எண்ணப்படும். அதனினும் கொடிது, பொருள் தலைகீழாயிற்று: மூன்று ஆண்டுகள் இன்னும் ஆகவில்லை என்றாயிற்று! சரியான விடை "இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ்", அல்லது "ஹாஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ்". எதிர்மறைக்கு அங்கே இடமேயில்லை.

இதை அவளுக்கு விளக்க எனக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. "ஆசிரியர் மூன்று ஆண்டுகளாக எழுதவில்லை" என்றும் சொல்லுகிறோம். "ஆசிரியர் எழுதி மூன்று ஆண்டுகளாகின்றன" என்றும் சொல்லுகிறோம். முன்னதில் 'இல்லை' உண்டு, பின்னதில் இல்லை. தாய்மொழியில் தினமும் செய்யும் திருப்பம் இது. செய்தி மேசையில் இருந்தவனுக்கும் இதுதான் அன்றாடத் தொழில். கேட்டதும் பிள்ளை சிரித்துவிட்டாள். அறுபது சூத்திரம் விற்றவர்க்கு இந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மனம் வரவில்லையே!

இடைவெளி நிரப்பும் பகுதிக்கு வருவோம். வாசகத்தில் சொற்களை நீக்கி நிரப்பச் சொல்லும் முறைக்கு 'குளோஸ்' என்று பெயரிட்டு, 1953 இல் 'ஜேர்னலிசம் குவார்ட்டர்லி' என்ற இதழியல் ஏட்டில் எழுதியவர் வில்சன் டெய்லர். மாணவரை அளப்பதல்ல, ஓர் எழுத்து வாசகருக்கு எவ்வளவு எளிதாக விளங்குகிறது என்று அளப்பதே அவர் நோக்கம். அவர் சொற்களை ஒழுங்கான இடைவெளியில் இயந்திரம்போல் நீக்கினார். பரீட்சை வகுப்போரோ தேர்ந்தெடுத்து நீக்குகின்றனர். பெரும்பாலும் இலக்கணச் சொற்களையே. நம் மொழியில் வேற்றுமை உருபாகச் சொல்லோடு ஒட்டி நிற்பது ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது அதனாலேயே. அறிவுக் குறையால் அன்று.

இருநூறு சொற்பட்டியல் இதற்கு மருந்தாகுமா? "ஹி இஸ் ... டயர்ட் டு வோக்" என்றால் நிரப்புவது 'டூ'. நடக்க முடியாத அளவு களைப்பு. "ஹி இஸ் ... டயர்ட் தட் ஹி கேனாட் வோக்" என்றால் 'ஸோ'. இடைவெளிக்கு முன்னுள்ளவை ஒன்றே. பின்னுள்ள முதற் சொல்லும் ஒன்றே. தீர்ப்பு அதற்கும் அடுத்த சொல்லில் இருக்கிறது. பட்டியலை நம்பியவள் இடைவெளியைக் கண்டதும் நின்று, 'வெரி' என்று எழுதிவிட்டு நகர்கிறாள். வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை வாசித்தவளே தப்புகிறாள்.

ஆங்கிலத்தைப் புதிராக்கிவிட்டார்கள் என்று பரீட்சையைத் திட்டுவோரும் உளர். இப்பகுதிகள் ஒருவரின் பேச்சையோ கடிதம் எழுதும் திறனையோ அளப்பதில்லை என்பது மெய்யே. அவற்றுக்கு வேறு பகுதிகள் உண்டு. வாக்கியத்தைக் கடைசிவரை வாசிக்கிறாயா, அதன் பொருளைக் கைநழுவ விடாது வேறு உருவில் வைக்கிறாயா என்பதையே இவை கேட்கின்றன. நேர்மையான கேள்விதான். அந்தக் கேள்வியைப் பிள்ளையிடமிருந்து மறைத்துவிட்டு, விடையை மட்டும் கட்டுக் கட்டாக விற்பதே அநியாயம்.

தாள்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வாக்கியம் எழுதிப் பழக உதவும்.