‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று எழுதும் முன்

கருத்தரங்குக்கு வந்த ஆய்வுச் சுருக்கங்களை வைத்து நிகழ்ச்சி நிரல் போடுபவர்களுக்கு ஒரு கடிதம் நன்கு பழக்கமானது: ‘தவிர்க்க இயலாத காரணங்களால் கட்டுரை வழங்க இயலவில்லை, வருந்துகிறேன்.’ மரியாதையான வாசகம்தான். ஆனால் அதைப் படித்து முடித்த பிறகும் அடுத்து என்ன செய்வது என்பது ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவதில்லை. கட்டுரையாளரால் வர முடியவில்லையா, கட்டுரையே நிற்கவில்லையா? உடன் ஆசிரியர் வந்து படிக்கலாமா? சுருக்கத் தொகுப்பில் அந்தப் பக்கம் இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா? இந்த மூன்றுக்கும் விடை அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கிறது. கடிதம் அதைத்தான் மூடி வைக்கிறது.

சுருக்கத்தைத் திரும்பப் பெறுவது தவறு இல்லை. எழுதியதற்கும் படிப்பதற்கும் இடையில் நான்கு மாதம் போனால் சில கட்டுரைகள் மாறும், சில கலையும். அதைச் சொல்லும் மின்னஞ்சலில் காரணம் மன்னிப்புக்காக இடம்பெறுவதில்லை, எதிரில் இருப்பவர் வேலை செய்வதற்காக இடம்பெறுகிறது என்பதே இந்த உரையில் நான் சொல்ல விரும்புவது. நம் கல்வெட்டுத் துறையில் அடிக்கடி நேரக்கூடிய ஒரு நிலையைக் கற்பனையாக அமைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

ஓர் ஆய்வாளரும் அவருடைய ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய சிவன் கோயிலின் அடித்தளத்தில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஒரு சோழர் காலக் கல்வெட்டைக் காண்கிறார்கள். கோப்பரகேசரி, ஆட்சியாண்டு 12, நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடை என்பது வரை நிழற்படத்திலேயே படிக்க முடிகிறது. முழு மைப்படி இன்னும் எடுக்கவில்லை. ‘இதுவரை பதிவாகாத சோழர் கல்வெட்டு’ என்ற தலைப்பில் மார்ச் 31 கெடுவுக்குள் சுருக்கம் அனுப்புகிறார்கள். ஏப்ரல் கடைசியில் 47ஆம் எண்ணிட்டு ஏற்புக் கடிதம் வருகிறது. சுருக்கத் தொகுப்பு ஜூன் 15 அன்று அச்சுக்குப் போகிறது, கருத்தரங்கு ஜூலை 18இல்.

மே 9 அன்று, கட்டுரையை விரித்து எழுதும்போது ஆய்வாளர் கல்வெட்டு ஆண்டறிக்கைகளை மீண்டும் புரட்டுகிறார். முதல் தேடலில் அவர் விழுப்புரம் என்ற பெயரில் தேடியிருந்தார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான், அதற்கு முன் அந்தப் பகுதி விழுப்புரத்தில் இருந்தது. விழுப்புரமும் 1993இல் பிரிந்து வந்த மாவட்டமே. 1887 முதல் வரும் அந்த அறிக்கைகளின் பழைய தொகுதிகளில் இந்த ஊர்கள் எல்லாம் தென்னாற்காடு மாவட்டத்தின் கீழ் இருக்கும். அங்கே தேடியதும் அதே கோயில், அதே அடித்தளம், அதே பட்டம், அதே ஆண்டு, அதே விளக்குக் கொடை ஒரு வரியில் நிற்கின்றன. கல்வெட்டு ஏற்கெனவே பதிவானது.

இந்த இடத்தில் முதலில் எழும் கேள்வி, திரும்பப் பெறுவதா, தலைப்பை மாற்றித் தர அனுமதி கேட்பதா என்பது. ஆண்டறிக்கையில் பெரும்பாலும் ஊர், மொழி, அரசன், ஆண்டு, செய்தியின் சுருக்கம் ஆகியவைதான் இருக்கும். கல்வெட்டின் பாடம் இருக்காது. ஆகவே ‘பதிவாகாதது’ வேறு, ‘பாடம் அச்சாகாதது’ வேறு. முழு மைப்படி கையில் இருந்து பாடம் தயாராக இருந்தால், ‘பாடம் வெளிவராத கல்வெட்டின் முழு வாசிப்பு’ என்று மாற்றிக் கேட்பது நியாயம். இங்கே மைப்படி இல்லை, பூச்சை நீக்க அனுமதி வாங்க வேண்டும், அது ஜூலைக்குள் முடியாது. மதிப்பீட்டாளர்கள் எதைக் கண்டு அந்தச் சுருக்கத்தைத் தேர்ந்தார்களோ அது போய்விட்டது. அதற்குப் பதில் வைக்க இப்போது ஒன்றும் இல்லை. அப்படியானால் திரும்பப் பெறுவதே சரி. ‘மாற்றலாமா, இல்லையென்றால் விலகிக்கொள்கிறோம்’ என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் முடிவெடுக்கும் சுமை ஒருங்கிணைப்பாளர் தலையில் விழும்.

அடுத்த வேலை மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி. உடன் ஆசிரியரிடம் முதலில் பேச வேண்டும். கல்லைச் சேர்ந்து கண்டவர் அவர், ஊரில் அதைப் பற்றிப் பேசியிருப்பவரும் அவர். அவருக்குச் செய்தி ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போய்ச் சேரக் கூடாது. அவரும் அறிக்கைக் குறிப்பைப் பார்த்து, இரண்டும் ஒரே கல்வெட்டுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே கடிதம். இதற்கு இரண்டு நாள் போகட்டும், அதற்கு மேல் வேண்டாம். மே 11 அன்று போகும் கடிதத்தால், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு ஒன்பது வாரத்துக்கு மேல் கிடைக்கிறது. தொகுப்பு அச்சுக்குப் போகவும் ஐந்து வாரம் இருக்கிறது. ஜூலை 10இல் போகும் அதே கடிதத்தால் யாருக்கும் பயன் இல்லை. நிரலில் இருபது நிமிடம் வெற்றிடமாகும், ‘பதிவாகாத கல்வெட்டு’ என்ற தவறான செய்தி அச்சில் ஏறியிருக்கும். சுருக்கத் தொகுப்பை மேற்கோள் காட்டும் வழக்கம் நம் துறையில் உண்டு என்பதால், அந்தத் தவறு இன்னொருவர் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் வந்து உட்காரும்.

இனி கடிதம். ஏற்புக் கடிதம் வந்த அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக, உடன் ஆசிரியருக்கும் படி வைத்து அனுப்ப வேண்டும். பொருள் வரியிலேயே செய்தி தெரிய வேண்டும்.

பொருள்: சுருக்கம் எண் 47 – திரும்பப் பெறுகிறோம்

கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இதுவரை பதிவாகாத சோழர் கல்வெட்டு’ என்ற எங்கள் சுருக்கத்தை (எண் 47) திரும்பப் பெறுகிறோம். புதியது என்று நாங்கள் எழுதிய கல்வெட்டு, ஆண்டறிக்கையில் தென்னாற்காடு மாவட்டப் பட்டியலில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதை இப்போதுதான் கண்டோம். அறிக்கையின் ஆண்டும் வரிசை எண்ணும் கையொப்பத்தின் கீழே உள்ளன. எங்கள் முதல் தேடலில் இது விடுபட்டுப்போனது.

சுருக்கத் தொகுப்பிலிருந்தும் நிகழ்ச்சி நிரலிலிருந்தும் இதை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறோம். உடன் ஆசிரியரும் இந்த முடிவுக்கு உடன்பட்டுள்ளார். எங்களுக்காக ஒதுக்கிய அறையும் தேவைப்படாது.

மதிப்பீட்டாளர்கள் இதற்குச் செலவிட்ட நேரத்துக்கு நன்றி. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நாங்கள் இருவரும் பார்வையாளர்களாகக் கருத்தரங்குக்கு வருவோம்.

அன்புடன்,
(இருவர் பெயரும்)

முடிவு முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. எண்ணும் தலைப்பும் சேர்ந்தே வருவதால் ஒரே ஆள் இரண்டு சுருக்கம் அனுப்பியிருந்தாலும் குழப்பம் வராது. காரணம் ஒரு வாக்கியம், அதைச் சரிபார்க்கச் சான்று ஒரு வாக்கியம். தவறு ‘எங்கள் முதல் தேடலில்’ என்று பொதுவில் நிற்கிறது. நூலகரோ உதவியாளரோ இளைய ஆய்வாளரோ அதற்குள் இழுக்கப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது வெளிப்படையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. ‘அடுத்த ஆண்டு நிச்சயம் தருகிறோம்’ என்ற வாக்குறுதி இல்லை, ஏனென்றால் மைப்படிக்கு அனுமதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்வையாளராக வருவோம் என்பது உண்மையிலேயே வருபவர்கள் எழுத வேண்டிய வரி. வராதவர்கள் அதை விட்டுவிடலாம்.

காரணம் மாறினால் கேட்க வேண்டியதும் மாறும். பணியிடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை என்றால் கட்டுரைக்குக் குறை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால், உடன் ஆசிரியர் படிக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரே கேட்பார், தொகுப்பில் சுருக்கமும் நிற்கும். அதே நாளில் வேறு கருத்தரங்கில் இடம் கிடைத்து அங்கே போவதாக இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நம் துறையில் நிகழ்ச்சி நிரல்கள் எல்லோர் கைக்கும் வரும். உடல்நலம் என்று எழுதியவரின் பெயர் அதே தேதியில் இன்னொரு நிரலில் இருந்தால், அவர் உண்மையிலேயே நோயுற்று எழுதும் அடுத்த கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சுருக்கமான காரணம் உண்மையாகவும் இருக்க முடியும். வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால், ‘குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலையால் அந்த வாரம் ஊரைவிட்டு வர இயலாது’ என்பது போதும். நோயின் பெயரும் மருத்துவச் சான்றும் வேண்டாம். வாசிப்பைப் பற்றி உடன் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு என்றால், ‘ஆட்சியாண்டு எழுத்தின் வாசிப்பில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை’ என்று எழுதலாம். யார் எந்தப் பக்கம் என்பது அந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. சொல்லாமல் விடுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, இல்லாததைச் சொல்வதற்குத்தான் இல்லை.

சரியாக எழுதிய கடிதமும் தவறான இடத்துக்குப் போனால் வீணாகும். குழுவில் தெரிந்தவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பட்டியலை வைத்திருப்பவர் வேறொருவர், அவருக்குச் செய்தி போவதில்லை. அரங்கில் பெயர் அழைக்கப்பட்ட பிறகுதான் தெரிய வருகிறது. தெரிந்தவருக்கும் சொல்லுங்கள், ஆனால் சுருக்கம் அனுப்பிய முகவரிக்கே கடிதம் போகட்டும். முகப்புத்தாளில் தட்டச்சு செய்து இணைப்பாக வைத்துவிட்டு மின்னஞ்சலை வெறுமையாக விடாதீர்கள், செய்தி மின்னஞ்சலின் உடலிலேயே இருக்கட்டும். நான்கு நாளில் ஒப்புதல் வரவில்லை என்றால் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பெயர் நீக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

கருத்தரங்கு நடத்தும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றே இரண்டு வரி மறுமொழி எழுதுங்கள்: கிடைத்தது, தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டோம். மேற்கொண்டு காரணம் தோண்ட வேண்டாம். தன் ‘புதிய கண்டுபிடிப்பு’ பழையது என்று தானே கண்டு, அச்சுக்கு முன் எழுதிச் சொன்னவர் அடுத்த ஆண்டு முழுப் பாடத்தோடு சுருக்கம் அனுப்பினால், பழைய விலகலைக் காட்டி அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்டறிக்கையைத் தென்னாற்காட்டின் கீழும் புரட்டிப் பார்த்தவர் அவர்.

– ஆசிரியர்