பிழையின் விலை

முதலாண்டு மாணவர்களுக்கு எங்கள் எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தில் ஆற்றிய சிற்றுரை

"முதலில் தியரி முடியட்டும், பிறகு போர்டைத் தொடலாம்" என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அவர்கள் படித்த காலத்தில் அது கணக்குப் பார்த்துச் சொன்ன புத்திமதி.

1974இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்ற மைக்ரோகண்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கான புரோகிராமைத் தொழிற்சாலையிலேயே சிலிக்கானில் பதித்துவிடுவார்கள். ஒரு வரி தவறினாலும் வந்திறங்கிய சிப் அத்தனையும் குப்பைதான். அப்படிப்பட்ட நிலையில், காகிதத்தில் நூறு முறை சரிபார்க்காமல் ஒரு பொறியாளர் கை வைப்பாரா?

இன்டெல்லில் பணியாற்றிய டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய ஈப்ராம் நினைவகம், 1976இல் 8748 என்ற சிப்புக்குள் வந்து சேர்ந்தது. சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு சிறு சன்னல் இருக்கும். புரோகிராம் தவறினால் சிப்பைக் கழற்றிப் புற ஊதா விளக்கின் கீழ் ஏறக்குறைய இருபது நிமிடம் வைத்து அழித்து, மறுபடி எழுத வேண்டும். ஒரு பிற்பகலில் எத்தனை முறை தவறலாம் என்று நீங்களே கணக்கிடுங்கள். 1993இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. 16சி84 வந்த பிறகு மின்சாரத்தாலேயே அழிக்க முடிந்தது. விளக்கு, சன்னல் இரண்டுக்கும் வேலையில்லாமல் போனது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுவினோவில், யு.எஸ்.பி. கேபிளைச் செருகிச் சில நொடிகளில் எழுதிவிடலாம்.

பிழையின் விலை இப்படி இறங்கிவிட்டது. நம் படிப்பு முறை மட்டும் இன்னும் பழைய விலைப்பட்டியலையே வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை எந்த நேரத்தில் திறப்பது என்பதுதான் கேள்வி. ஒரு பட்டனை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு காலை ஆர்டுவினோ ஊனோவின் 2ஆம் பின்னிலும் மறு காலை ஜி.என்.டி.யிலும் இணையுங்கள். அழுத்திய எண்ணிக்கையைச் சொல்லும் புரோகிராம் இது:

```
int n = 0, last = HIGH;
void setup() {
  pinMode(2, INPUT_PULLUP);
  Serial.begin(9600);
}
void loop() {
  int s = digitalRead(2);
  if (last == HIGH && s == LOW) Serial.println(++n);
  last = s;
}
```

ஒருமுறை அழுத்தினால் திரையில் 1 வர வேண்டும். சில நேரம் 3 வரும், சில நேரம் 5. புரோகிராமை எத்தனை தடவை படித்தாலும் அதில் தவறு கிடைக்காது. `INPUT_PULLUP` என்பதை வெறும் `INPUT` என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது பட்டனைத் தொடாமல், கையை அருகில் கொண்டுபோனாலே எண் தாறுமாறாக ஓடக்கூடும். இங்கே அழுத்தும்போதோ விடும்போதோ மட்டும்தான் எண் தாவுகிறது. அந்த வேறுபாட்டை வைத்தே குற்றவாளி பட்டன் என்று கண்டுபிடிக்கலாம். உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் மோதும்போது துள்ளுகின்றன. சில மில்லிநொடிகளுக்குத் தொட்டும் விலகியும் ஆடிய பிறகே அடங்குகின்றன. நம் விரலுக்கு அது ஒரே அழுத்தம். ஒரு மில்லிநொடிக்குள் 16,000 துடிப்புகளை ஓட்டும் சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் தனி அழுத்தம்.

`loop` முடிவில் `delay(20);` என்று ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலான பட்டன்கள் அடங்கிவிடும். ஆனால் அந்த 20 மில்லிநொடியும் சிப் வேறெதுவும் செய்யாது. அது பிடிக்காவிட்டால் பட்டனுக்கு இணையாக 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். இப்போது ஆர்.சி. பாடத்தைத் திறக்கலாம். சிப்புக்குள் உள்ள புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம். ஆக, நேர மாறிலி குறைந்தது 20 மில்லிநொடி. முதல் தொடுகையிலேயே மின்தேக்கி காலியாகிவிடும். அதன்பின் தகடு ஒரு மில்லிநொடி விலகினாலும் மின்னழுத்தம் கால் வோல்ட் அளவுக்குத்தான் ஏறும். 5 வோல்ட்டில் ஓடும் இந்தச் சிப் 1.5 வோல்ட் வரை 'லோ' என்றே படிக்கும். துள்ளல் அதன் கண்ணில் படாது.

இதே சமன்பாட்டைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 20 கிலோ ஓமை எதற்காக 1 மைக்ரோஃபாரடால் பெருக்குகிறோம் என்று தேர்வுத்தாள் உங்களைக் கேட்டிருக்காது. எண் தாவும் அந்தப் பட்டன் கேட்கும்.

வரும் வாரம் மன்றத்துக்கு ஒரு பட்டனோடும் மின்தேக்கியோடும் வாருங்கள். முதலில் மின்தேக்கி இல்லாமல் அழுத்தி, எத்தனை எண் தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.