சதுர அடிக்கு எவ்வளவு?

பட்டணத்துல இருந்து ஊர்ப்பக்கம் வந்து வீடு கட்டணும்னு நினைக்கிறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "உங்க ஊர்ல சதுர அடி என்ன ரேட்டு?" யாராவது 2400ன்னு சொன்னதும் போன்ல கணக்குப் போட்டு, ஆயிரம் சதுர அடிக்கு 24 லட்சம்னு முடிவு பண்ணிருவாங்க. அந்தக் கேள்வியே அரைகுறைன்னு நான் சொல்றேன். எதுக்கு 2400ன்னு கேக்காம வாங்குற விலை அது.

எங்க சொந்தத்துல ஒரு மாப்பிள்ளை, சென்னையில வேலை. கையில 28 லட்சம் வச்சுக்கிட்டு, மேற்கு பார்த்த மனையில ஆயிரம் சதுர அடி வீடு கட்ட வந்தார். 24 போனா 4 லட்சம் மிச்சம்னு அவர் கணக்கு. கூடவே ஒரு கலர் படம் கொண்டு வந்தார். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. சுவரு உள்ள போயி வெளிய வந்து, ஜன்னலைச் சுத்தி கான்கிரீட் பெட்டி, முன்பக்கம் கல் ஒட்டு. வெயிலும் மழையும் தடுக்குற சன்ஷேடு மட்டும் காணோம். மேற்கு வெயில் அடிக்கிற சுவத்துல!

முதல்ல அந்த உள்ள போயி வெளிய வர்ற சுவரைப் பாருங்க. 40க்கு 25 அடின்னு நேர் சதுரமா கட்டினா ஆயிரம் சதுர அடி, சுத்துச் சுவர் 130 அடி. மாப்பிள்ளை படத்துல வீடு 44க்கு 27. ரெண்டு பக்கமும் நடுவுல 12 அடி அகலத்துக்கு 8 அடி உள்வாங்கியிருக்கு. தரைப்பரப்பு அதே ஆயிரம்தான், ஒரு நாலு சதுர அடி குறையலாம். ஆனா சுத்துச் சுவர் 174 அடி ஆயிருது. மூலையில வெட்டினா சுவர் நீளம் கூடாது, நடுவுல உள்வாங்கினாத்தான் கூடும். கயிறு பிடிச்சுப் பார்த்தா தெரியும். 44 அடி கூடுதல் சுவருக்கு அடியில அஸ்திவாரம், பெல்ட், மேல பத்தடி செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு, பெயிண்ட். எங்க பக்கத்து கொத்தனார் கணக்குல அடிக்கு 4500 ஆகும். ஆக ரெண்டு லட்சம். உள்ள ஒரு ஆள் கூடுதலா படுக்கக்கூட இடம் கிடைக்கல.

இதுல கொடுமை என்னன்னா, அந்தக் காண்ட்ராக்டர் ரெண்டு படத்துக்கும் ஒரே 2400தான் சொன்னார். மாப்பிள்ளைக்கு சந்தோஷம். எனக்குத்தான் பயம் வந்துச்சு. கூடுதல் சுவருக்கு அவரு வீட்டுப் பணம் போடமாட்டாரு. கலவையில சிமெண்ட் குறையும், கம்பி ஒரு சைஸ் மெலியும், ஒயரும் குழாயும் பேர் தெரியாத கம்பெனியா வரும். ரெண்டு வேற வேற படத்துக்கு ஒரே ரேட்டு சொல்ற ஆளு படத்தைப் பார்க்கலன்னு அர்த்தம், இல்ல பார்த்தும் சொல்லலன்னு அர்த்தம்.

அடுத்தது மண்ணு. எங்களது கரிசல். மழையில ஊதும், கோடையில கை நுழையிற அளவு வெடிக்கும். மேலாப்புல அஸ்திவாரம் போட்டா மண்ணோட சேர்ந்து வீடும் ஏறி இறங்கும். அப்புறம் ஜன்னல் மூலையில இருந்து கோணலா விரிசல் ஓடும். அந்த 2400ல இருந்தது அஞ்சு அடி ஆழம். நான் ஜேசிபி வச்சு ரெண்டு இடத்துல குழி எடுக்கச் சொன்னேன். எட்டு அடியிலதான் சுக்கான் தட்டுச்சு. அந்த மூணு அடிக்கும், தரைக்கடியில கரிசலை எடுத்துட்டு சரள் நிரப்பவும் ஒன்றரை லட்சம் தனி. குழி எடுக்க ஆன செலவு சில ஆயிரம். படம் வரையிறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலை இது. பக்கத்துல கிணறு வெட்டினவரைக் கேட்டிருந்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிருக்கும்.

இது கிராமத்தான் புத்தின்னு நினைக்காதீங்க. மத்திய பொதுப்பணித்துறை 'பிளின்த் ஏரியா ரேட்'னு ஒண்ணு வெளியிடுது. ஆரம்பக்கட்ட மதிப்பீட்டுக்கு அவங்களும் தரைப்பரப்புக் கணக்குதான் வச்சிருக்காங்க. ஆனா அதுல இந்த உயரம், இந்த ஆழம் வரைக்கும்தான் இந்த விலைன்னு எல்லை சொல்லி, அதுக்கு மேல போற ஒவ்வொரு முப்பது சென்டிமீட்டருக்கும், அதாவது கிட்டத்தட்ட ஒரு அடிக்கும், தனியா கூட்டச் சொல்லியிருக்கு. அரசாங்கமே எல்லை போட்டுச் சொல்ற விலையை நம்ம ஆளுங்க டீக்கடையில மொட்டையா கேக்குறாங்க.

இனி மொத்தத்தைக் கூட்டுவோம். 24 லட்சம். வளைவு நெளிவுச் சுவர் 2. அஸ்திவாரம் ஒன்றரை. கான்கிரீட் பெட்டியும் கல் ஒட்டும் ஒன்றரை. காம்பவுண்டு, செப்டிக் டேங்க், சம்ப், கரண்ட் இணைப்பு எல்லாம் சதுர அடியில சேராது, அது மூன்றரை. ஆக முப்பத்திரண்டரை லட்சம். கையில இருக்கிறது 28.

மாப்பிள்ளை உடனே சொன்னது, "மாமா, நூறு சதுர அடி குறைச்சிருவோம், ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மிச்சம்." எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். ரூம்ல ரெண்டு அடியக் குறைச்சா குறையிறது கொஞ்சம் சுவரும் கூரையும் தரையும்தான். சமையல் மேடை, கக்கூஸ், கதவு, மெயின் போர்டு, செப்டிக் டேங்க் எதுவும் குறையாது. வீட்டுல விலை கூடின பகுதியெல்லாம் அப்படியே நிக்கும். கடைசி நூறு சதுர அடிய வெட்டினா அடிக்கு 1400 மிஞ்சினா பெரிசு. அதனாலதான் சின்ன வீட்டுக்கு சதுர அடி ரேட்டு எப்பவும் கூடுதலா வரும். அதைப் பார்த்து காண்ட்ராக்டர் ஏமாத்துறார்னு சண்டை போடுறவங்களும் உண்டு.

அவரோட அடுத்த யோசனை அஸ்திவாரத்தை அஞ்சு அடியிலயே நிறுத்திரலாம்ங்கிறது. அதுக்கு நான் வாய்ல வந்ததைச் சொன்னேன், இங்க எழுத முடியாது.

கடைசியில வெட்டினது இதுதான். சுவரை நேராக்கினோம், 2 லட்சம் போச்சு. பெட்டியும் கல்லும் எடுத்தோம், ஒன்றரை. நூறு சதுர அடி குறைச்சோம், ஒன்று நாப்பது. காம்பவுண்டுச் சுவருக்குப் பதிலா கம்பிவேலி, அதுல ஒன்றரை. 26 லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வந்துச்சு. சன்ஷேடு திரும்பி வந்துச்சு, அது முதல்லயே ரேட்டுல சேர்ந்ததுதான்.

அப்புறம் நான் கேட்டது திண்ணை. முன்பக்கம் 25க்கு 6 அடி, தூண் நிறுத்தி ஓடு போட்டது. மேற்கு வெயில் ஹால் சுவத்துல நேரா விழாது. காண்ட்ராக்டர் அந்த 150 சதுர அடிக்கும் 2400 போட்டு மூணு லட்சத்து அறுபதாயிரம்னாரு. மூணு பக்கம் சுவரில்ல, கதவில்ல, ஜன்னலில்ல, முழு ரேட்டு எதுக்குன்னு கேட்டேன். பாதிக்கு இறங்கி வந்தார், ஒண்ணு எண்பது. கூடத்துக்கு ஒரு ரேட்டு, திண்ணைக்கு ஒரு ரேட்டுன்னு பிரிச்சுப் பேசலன்னா இந்த மாதிரி உபயோகமான எடமெல்லாம் விலை கூடுதல்னு வெட்டுப்பட்டுப் போகும், கல் ஒட்டு மட்டும் நிக்கும்.

ஒண்ணு எண்பதையும் சேர்த்தா 27 லட்சத்து 90 ஆயிரம். மாப்பிள்ளை கணக்கு சரியாப் போச்சுன்னு சிரிச்சார். நான் சம்மதிக்கல. படத்தை வச்சுப் போடுற இந்தக் கணக்கு அஞ்சுல ஒரு பங்கு அங்க இங்க போகும். பத்தாயிரம் மிச்சம் வச்சுக்கிட்டு கடக்கால் தோண்டக் கூடாது. இப்போதைக்கு திண்ணைக்கு அடித்தளமும் தரையும் மட்டும் போட்டிருக்கு, அறுபதாயிரம் ஆச்சு. தூணும் ஓடும் அடுத்த வருஷம். அதுவரைக்கும் சாயங்காலம் தென்னங்கிடுகு கட்டிக்கிறதாச் சொல்லியிருக்கார்.