தாயை 42-ஆம் நாளில் கைகழுவாதீர்கள்

"பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்." பிரசவமாகி ஏழெட்டு மாதம் ஆன பிறகும் எழுந்து நிற்கத் தெம்பில்லை, தலை வாரினால் கொத்துக்கொத்தாக முடி வருகிறது, மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது என்று ஒரு பெண் சொன்னால் மாமியார் சொல்லும் பதில் இது. மாமியார் மருத்துவம் படித்தவர் அல்ல. படித்தவர்களும் அதையே சொல்லி, ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கருவுற்றிருக்கும்போது அடங்கியிருக்கும் நோய் எதிர்ப்பாற்றல், பிரசவத்துக்குப் பின் மறுபடி கிளம்புகிறது. சில பெண்களுக்கு அது சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. ஏறத்தாழ இருபது தாய்மாரில் ஒருவருக்கு வரும் இந்தத் தைராய்டு அழற்சி அபூர்வ நோயே அல்ல. ஆனால் இது இரண்டு வேடம் போடும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, உடம்பு இளைக்கிறது. புண்ணான சுரப்பியில் சேமித்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிவதுதான் காரணம். "பால் கொடுக்கிறாள், இளைக்கிறாள்" என்று வீடு சமாதானம் சொல்லிக்கொள்கிறது. சில வாரங்களில் இருப்பு தீர்கிறது. ஆறாம் மாதத்துக்கு மேல் நிலைமை தலைகீழாகிறது: மின்விசிறிக் காற்றே குளிர்கிறது, மலச்சிக்கல், எடை ஏற்றம், காரணமில்லாத அழுகை. திரும்பி வந்த மாதவிலக்கு பத்து நாள் கொட்டுகிறது, அல்லது இரண்டு மாதம் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டாம் மாதத்தில் யாரோ சொல்லி டி.எஸ்.எச். பரிசோதனை செய்தால், 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டிய அளவு 40-ஐத் தொடுகிறது. இத்தனை மாதமும் அவர் "சோம்பேறி" என்ற பட்டத்தோடு வாழ்ந்திருக்கிறார்.

பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுவதெல்லாம் தைராய்டு அல்ல. மூன்று நான்கு மாதத்தில் தொடங்கித் தானே நிற்கும் உதிர்வு இயல்பு. பால் கொடுக்கும்போது மாதவிலக்கு தள்ளிப்போவதும் இயல்பு. ரத்தசோகையும் அசதி தரும். ஆனால் இவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால், ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் "இயல்புதான்" என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை.

பார்க்கிறவர்களும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. முடிக்கென்று பயோட்டின் மாத்திரையைத் தாராளமாக எழுதுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். உண்மையில் கூடியிருப்பது சரியாக இருப்பதுபோல் தெரியும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஹார்மோன் அதிகத்திலிருந்து குறைவுக்கு இறங்கும் வழியில் எடுத்த ரத்தம் சரியான அளவையே காட்டிவிடும். எனவே ஒருமுறை நார்மல் என்று வந்ததும் கோப்பை மூடாமல், தொந்தரவு இருந்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். தொடக்கப் படபடப்புக் கட்டத்தில் ஹார்மோன் சுரப்பை அடக்கும் மாத்திரை கொடுப்பதும் தவறு. அங்கே சுரப்பு கூடவில்லை, கசிவுதான் நடக்கிறது.

இன்னொரு கோடியில், ஹார்மோன் குறைவுக்கு மாத்திரை தொடங்கியதும் "இனி ஆயுளுக்கும்" என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டு வாக்கில் சுரப்பி தேறிவிடும். அப்போது அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். தேறாத சிலருக்கே மாத்திரை தொடர வேண்டும். தேறியவர்களும் ஆண்டுக்கொருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வரலாம்.

மருத்துவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு 42 நாள் என்பதே அரசுக் கணக்கு. இந்த நோய் தலைகாட்டுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. கணக்கு முடிந்த பின் வரும் நோயை யார் கண்டுபிடிப்பது? அதே தாய் 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரத்தான் செய்கிறாள். குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், அட்டையில் குறிக்கிறார்கள். தூக்கி வந்தவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சுகாதாரத் துறை இதைத் திருத்த வேண்டும். ஊசி போடும் செவிலியர் தாயிடம் அசதி, முடி, மாதவிலக்கு, மனநிலை பற்றி நான்கு கேள்வி கேட்க வேண்டும். தொந்தரவு இருந்தால், அல்லது முன்பே தைராய்டு எதிர்ப்பணுவோ முதல் வகை சர்க்கரை நோயோ இருந்தால், டி.எஸ்.எச். பரிசோதனை அங்கேயே, இலவசமாக, எழுதப்பட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுத் திட்டப் பெயரும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அதைத் துறை உடனே அனுப்ப வேண்டும்.