எண்ணை வெட்டினால் இடம் கிடைக்காது

ஆய்வுச் சுருக்கத்தை 250 சொல்லுக்குள் அடைக்கச் சொன்னால், முதலில் எண்களில்தான் கத்தரி விழுகிறது. "விவரமெல்லாம் முழுக் கட்டுரையில் இருக்கிறதே" என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் தவறு. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வை வைத்தே பார்க்கலாம். கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது.

எண்கள் இடத்தை அடைக்கின்றன என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். "28 நாட்களுக்குள் நிகழ்ந்த இறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெற்ற குழுவில் இறப்பு விகிதம் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்திருப்பது தெரியவந்தது": இது 17 சொல். "28 நாளில் இறந்தோர்: மருந்துக்குழு 482/2104 (22.9%), மற்றது 1110/4321 (25.7%), வயது திருத்திய வீத விகிதம் 0.83 (95% நம்பிக்கை இடைவெளி 0.75–0.93)": இது 18. ஒரு சொல்தான் கூடுதல். முதல் வாக்கியத்திலோ எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதே இல்லை.

மொத்தம் 6425 பேர் என்று போட்டால் போதாதா? போதாது. இந்த ஆய்வில் ஒருவருக்கு மருந்து என்றால் இருவருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் சரிபாதி என்று எடுத்துக்கொண்டு 482ஐ 3212ஆல் வகுப்பார், 15% வரும். உண்மை 22.9%.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 22.9ஐ 25.7ஆல் வகுத்தால் 0.89, சுருக்கத்தில் இருப்பதோ 0.83. அச்சுப்பிழை அல்ல. மருந்துக்குழுவின் சராசரி வயது சுமார் ஓராண்டு அதிகமாக அமைந்துவிட்டது. அதைச் சரிக்கட்டிய விகிதமே 0.83. "வயது திருத்திய" என்ற இரண்டு சொல்லை மிச்சம் பிடித்தால், கணக்குப் போட்டுப் பார்க்கும் வாசகர் ஆய்வையே சந்தேகிப்பார். எண்ணை விட்டுவைத்தால் மட்டும் போதாது, அது எதன் எண் என்பதும் கூடவே நிற்க வேண்டும்.

பி-மதிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு உட்குழுக்களே பதில். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன்கூடத் தேவைப்படாதவர்களிடம் மருந்துடன் 17.8%, மருந்தில்லாமல் 14.0%, விகிதம் 1.19, இடைவெளி 0.92–1.55. பலன் தெரியவில்லை, தீங்கும் இல்லையென்று சொல்ல முடியாது. இந்த வரியை வெட்டிவிட்டு "இறப்பு குறைந்தது, p<0.001" என்று எழுதினால், லேசான காய்ச்சலோடு வருபவருக்கும் ஸ்டீராய்டு சீட்டு எழுதப்படும்.

அப்படியானால் எதை வெட்டுவது? நோய் உலகெங்கும் பரவியதென்ற முன்னுரை, மென்பொருளின் பெயர், முடிவுரையில் மறுபடி வரும் முடிவு. இவற்றை எடுத்த பிறகும் வரம்பு மீறினால், துணை முடிவுகளில் ஒன்றை எண்ணும் சொல்லுமாக முழுதாகத் தூக்கிவிடலாம்.